நாள்வாரி ரோஸ்டரை ஆள்வாரி அட்டவணையாக மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வார்டுக்காரி

எங்கள் வார்டில் ரோஸ்டர் நாள்வாரியாகத்தான் வரும். இடப்பக்கம் திங்கள் முதல் ஞாயிறு வரை, மேலே கா, மா, இ என்று மூன்று ஷிஃப்ட், கட்டத்துக்குள் கமா போட்டுப் பெயர்கள். போடுகிறவருக்கு இது வசதி, ஏனென்றால் எந்த ஷிஃப்டில் ஆள் குறைகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பார்க்கிறவர்களுக்குத்தான் தலைவலி. ஒவ்வொருவரும் 21 கட்டத்திலும் தன் பெயரைத் தேட வேண்டும், ஒரு கட்டத்தைத் தவறவிட்டாலும் டூட்டிக்கு வராமல் போய்விடுவார்கள். அதனால் ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு பத்தி என்று மாற்றி ஒட்டலாம் என்று இறங்கியிருக்கிறேன். பத்துப் பேர்தான். இதைச் செய்தவர்கள் எங்கே இடறினீர்கள் என்று தெரிந்தால் நல்லது.

சுலபராஜா

இதுக்கு எதுக்குங்க பெரிய யோசனை, பிவட் டேபிள் போட்டா முடிஞ்சது. பெயரை வரியில் போடுங்க, நாளைப் பத்தியில் போடுங்க, ஷிஃப்டை நடுவில் போடுங்க. எங்கள் ஆபீஸில் எல்லாக் கணக்கும் அதில்தான்.

கட்டம்போடுபவர்

ராஜா சொல்வது பாதி சரி. சாதாரண பிவட் டேபிளின் நடுப்பகுதி எழுத்தைக் காட்டாது, எண்ணிக்கையைத்தான் காட்டும். "கா" என்று வர வேண்டிய இடத்தில் 1 என்று வந்து நிற்கும். அதோடு ஒரே கட்டத்தில் மூன்று பெயர் கமாவோடு இருந்தால் அந்த மூன்றையும் சேர்த்து ஒரே ஆளாக எடுத்துக்கொள்ளும். முதலில் ஒரு வரிக்கு ஒரு நாள், ஒரு ஷிஃப்ட், ஒரு பெயர் என்று நீளவாக்கில் பிரிக்க வேண்டும், அப்புறம்தான் திருப்ப முடியும்.

நான் இதை எக்செலின் பவர் குவெரியில் செய்கிறேன். நாள் பத்தியைத் தேர்ந்தெடுத்து Unpivot Other Columns, அடுத்து பெயர்ப் பத்தியை Split Column வழியாகக் கமாவில் வெட்டும்போது Advanced-க்குள் போய் Rows என்று கொடுப்பேன். பிறகு Trim. கமாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியை எடுக்காவிட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். கடைசியில் நாள் பத்தியை Pivot Column செய்து, மதிப்புக்கு ஷிஃப்டைக் கொடுத்து, Don't Aggregate. ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டு ஷிஃப்ட் இருந்தால் குவெரி எடிட்டரில் அந்தக் கட்டத்தில் மட்டும் Error என்று விழும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு அதுவே காவலாளி என்று விட்டுவிட்டேன். ரோஸ்டரில் உண்மையிலேயே இரட்டை டூட்டி விழுந்திருக்கிறது என்று அது சொல்லாமல் யார் சொல்லப்போகிறார்கள்?

ஒன்று மட்டும் கவனம். அந்த வாரம் முழுக்க லீவில் இருப்பவர் பெயர் ரோஸ்டரில் எங்குமே இருக்காது, அதனால் ஆள்வாரி ஷீட்டிலும் வரி இருக்காது. அவர் வந்து "என்னை எடுத்துட்டீங்களா?" என்று கேட்பார். ஆட்கள் பட்டியலைத் தனியாக வைத்து அதோடு Merge செய்ய வேண்டும்.

நைட்டுசெல்வம்

எங்கள் இடத்தில் ஒருத்தருக்கே மாசம் பூரா நைட் விழுது, இன்னொருத்தருக்கு விழுவதே இல்லை. அதை யாரும் கேட்பதில்லை. ஆள்வாரியாகப் போட்டால் நியாயமாகப் பிரிப்பார்களா?

வார்டுக்காரி

செல்வம், அது ரோஸ்டர் போடுவதைப் பற்றிய கேள்வி, நான் கேட்பது போட்டதை மாற்றி எழுதுவது. ஆனால் ஆள்வாரியில் யாருக்கு எத்தனை "இ" என்று வரியிலேயே தெரிந்துவிடும், கேட்பவர் கையில் காகிதமாவது இருக்கும்.

கட்டம்போடுபவர், எனக்குப் பவர் குவெரி ஒத்துவரவில்லை, ரோஸ்டர் மாறும்போதெல்லாம் Refresh கொடுக்க எல்லோருக்கும் ஞாபகம் இருக்காது. ஃபார்முலாவில் முடியுமா?

கணக்கு அக்கா

முடியும்மா. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆள்வாரி ஷீட்டில் A2-இலிருந்து பெயர்கள், B1-இலிருந்து நாட்கள். B2-இல் இது:

```
=TEXTJOIN("/",TRUE,IF(ISNUMBER(FIND(","&$A2&",",
 ","&SUBSTITUTE(INDEX('ரோஸ்டர்'!$B$2:$D$8,
 MATCH(B$1,'ரோஸ்டர்'!$A$2:$A$8,0),0)," ","")&",")),
 'ரோஸ்டர்'!$B$1:$D$1,""))
```

இடைவெளியை எல்லாம் இது எடுத்துவிடுவதால் A பத்தியிலும் பெயரை இடைவெளி இல்லாமல் எழுது. கூகுள் ஷீட்டில் என்றால் மொத்தத்தையும் ARRAYFORMULA-க்குள் போடு.

பெயரின் இரண்டு பக்கமும் கமா எதற்கு என்று கேட்பாய். எங்களிடம் ஒரு ரவி, ஒரு ரவிக்குமார். கமா இல்லாமல் தேடினால் "ரவிக்குமார்" என்ற எழுத்துக்குள்ளேயே "ரவி" கிடைத்துவிடும். ரவிக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை, ரவிக்குமாருக்குப் புதன் முதல் ஞாயிறு வரை நைட். முந்தின ஆள் வைத்துவிட்டுப் போன ஃபார்முலாவில் கமா இல்லை. ரவிக்குப் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் "கா/இ" என்று வந்தது, சனி ஞாயிறு ஆஃபில் "இ" வந்தது. ரவிக்குமார் வரி மட்டும் சுத்தமாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ரவிதான் வந்து சண்டை போட்டார்.

மொத்தத்தை வைத்துச் சரிபார்த்தாலே இது பிடிபடும். நாளுக்குக் காலை 3, மாலை 2, நைட் 2 என்றால் வாரத்துக்கு 49 பெயர். ஆள்வாரியிலும் 49 டூட்டி இருக்க வேண்டும். அந்த வாரம் நிரம்பிய கட்டம் 51 வந்தது, டூட்டியை எண்ணினால் 54. கட்டத்தை மட்டும் எண்ணினால் "கா/இ" ஒன்றாகத்தான் விழும், அதனால் டூட்டியை எண்ணு. COUNTA போடாதே, அது ஃபார்முலா இருக்கிற காலிக் கட்டத்தையும் சேர்த்து எண்ணி 70 என்று சொல்லும். நான் நாள்வாரியாகக் கா எத்தனை, மா எத்தனை, இ எத்தனை என்று அடியில் கூட்டி ரோஸ்டரோடு ஒப்பிடுவேன். மொத்தம் சரியாக இருந்தும் இரண்டு பேர் இடம் மாறியிருந்தால் அதிலும் தெரியாது, அதற்கு இரண்டு மூன்று பேரை எடுத்து நேரில் பார்க்கத்தான் வேண்டும்.

பழைய நோட்டு

நான் கம்ப்யூட்டரே தொடுவதில்லை. ரோஸ்டரை ஒரு பிரதி எடுத்து, ஒவ்வொரு பெயரையும் ஆள்வாரியில் எழுதியதும் பென்சிலால் அடித்துவிடுவேன். கடைசியில் அடிபடாத பெயர் மிஞ்சினால் விட்டுப்போனது என்று அர்த்தம். பத்துப் பேருக்கு இது போதும். நாற்பது பேருக்குச் சரிவராது, ஒப்புக்கொள்கிறேன்.

நைட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஞாயிறு இரவு 10 மணிக்கு ஏறினால் திங்கள் காலை 6 மணிக்கு இறங்குவது. புது வார ஷீட்டில் திங்கள் காலியாக இருக்கும், ஆளோ அப்போதுதான் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். காலியாக இருக்கிறதே என்று மாலை டூட்டிக்குக் கூப்பிடுவார்கள். இன்னும் மோசம், திங்களுக்கே "கா" விழுந்திருந்தாலும் இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

கணக்கு அக்கா

அதற்காகத்தான் போன ஞாயிறை இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு பத்தியாக வைக்கிறேன். ஒரே வரியில் "இ"-க்கு அடுத்த கட்டம் "கா" என்றால் சிவப்பாகும்படி நிபந்தனை. நாள்வாரியில் இதைக் கண்ணால் பிடிக்கவே முடியாது.

வார்டுக்காரி

சரி, ஃபார்முலா வேலை செய்கிறது. ஒன்றே ஒன்று இடிக்கிறது: காலிக் கட்டம் என்றால் ஆஃபா, லீவா, போட மறந்ததா? ரோஸ்டரிலேயே அந்த வித்தியாசம் இல்லை.

கட்டம்போடுபவர்

ரோஸ்டரில் இல்லாததை ஷீட் எங்கிருந்து கொண்டுவரும்? லீவுக்கு நான்காவதாக ஒரு பத்தி சேர்த்து "லீ" என்று தலைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள், D-யை E ஆக்கினால் போதும்.

கணக்கு அக்கா

சொல்வது சுலபம். எங்கள் இடத்தில் ரோஸ்டர் போடுகிறவர் இன்னும் அந்தப் பத்தியைச் சேர்க்க மறுக்கிறார், லீவு ரெஜிஸ்டர் தனி என்கிறார். நான் காலிக் கட்டத்தை ஆஃப் என்று நிரப்பாமல் காலியாகவே விடுகிறேன்.