அனெக்ஸ் கரண்ட் பில்: 2061 வாட்டுக்கு 171 யூனிட் வருமா?

கோப்பாய்_பொடியன்:
அவசரம். வெள்ளவத்தையில் அனெக்ஸ் எடுத்த பிறகு வந்த முதல் லைட் பில். வீட்டுக்காரர் ஒரு துண்டில் 171 யூனிட் என்று எழுதித் தந்துவிட்டு, இன்றிரவு காசு வேண்டும் என்கிறார். நான் எல்லாச் சாமானின் ஸ்டிக்கரையும் பார்த்துக் கூட்டினேன். ஃபேன் இரண்டு, 70 வீதம். பல்ப் நாலு, 9 வீதம். ஃப்ரிட்ஜ் 120, ரைஸ் குக்கர் 700, அயர்ன் 1000, லேப்டாப் 65. மொத்தம் 2061 வாட். ஆயிரம் வாட் ஒரு யூனிட் என்றால் நாளைக்கு 2, மாதம் 60 தானே? மிச்சம் 111 எங்கிருந்து வந்தது? போதாக்குறைக்கு மீட்டரில் 1710 கூடியிருக்கிறது. முந்தி 23161, இப்போது 24871. இதில் எது வாட், எது யூனிட்?

தெகிவளை_அக்கா:
தம்பி, எத்தனை நாளுக்கான பில்? உங்களுக்குத் தனி மீட்டரா, வீட்டுக்காரர் போட்ட சப் மீட்டரா? நீங்கள் ஒரு ஆளா?

மருதானை_ரவுண்ட்:
வோல்டேஜ் குறைவு. அந்தப் பக்கம் பின்னேரத்தில் வோல்டேஜ் விழும், சாமான் கூடக் கரண்ட் இழுக்கும், மீட்டர் ஓடும். ஸ்டெபிலைசர் போடுங்கள்.

பழைய_வயர்மன்:
இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு ஒரு தரம் வருகிறது, தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. வாட்டைக் கூட்டி யூனிட் எடுப்பவர்கள் எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். வோல்டேஜ் கதைக்கும் அதே புத்தகம்தான். மீட்டர் வோல்டேஜையும் சேர்த்தே அளக்கிறது.

கொட்டாஞ்சேனை_ஜெகன்:
எங்கள் வீட்டில் ஏசி போட்ட மாதம் பில் இரண்டு மடங்கு வந்தது. நீங்களும் ஏசியை 26இல் வையுங்கள்.

கோப்பாய்_பொடியன்:
ஏசி இல்லை. 34 நாள். சப் மீட்டர், உருளை எண் போட்டது, பக்கத்தில் சின்னச் சிவப்பு லைட் மின்னுகிறது. நானும் நண்பனும். அப்புறம் குளிக்கச் சுடுதண்ணி ஷவர் ஒன்று இருக்கிறது, 3500. அது வீட்டோடு வந்தது, அதனால் கூட்டவில்லை.

தெகிவளை_அக்கா:
ஷவரை விட்டுவிட்டா கணக்குப் பார்த்தீர்கள்!

மட்டுநகர்_சிவா:
சரி, முதலில் 1710. கடைசி உருளை சிவப்பு நிறமா என்று பாருங்கள். இந்த வகை மீட்டர்களில் அது புள்ளிக்குப் பின்னால் வரும் எண். அப்படியென்றால் முந்தி 2316.1, இப்போது 2487.1. வித்தியாசம் 171. வீட்டுக்காரர் கூட்டல் கழித்தலில் பிழை விடவில்லை.

அடுத்தது வாட். ஸ்டிக்கரில் உள்ள வாட், அந்தச் சாமான் ஓடும் நேரத்தில் எவ்வளவு வேகமாகக் கரண்ட் தின்னும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு நேரம் ஓடியது என்று அதற்குத் தெரியாது. வாட்டை மணித்தியாலத்தால் பெருக்கினால்தான் வாட்-அவர் வரும். அதில் ஆயிரம் சேர்ந்தால் ஒரு யூனிட், மீட்டரில் kWh என்று இருப்பதும் அதுதான். 2061 வாட்டை நாளைக்கு 2 யூனிட் என்று எடுத்ததால், எல்லாச் சாமானும் நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் ஓடுவதாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஃபேன் அப்படியா ஓடுகிறது? அயர்ன்தான் ஒரு மணித்தியாலம் போகிறதா?

நேரத்தை நான் குத்துமதிப்பாகப் போடுகிறேன், உங்கள் பழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஃபேனும் பத்து மணித்தியாலம் ஓடினால் 1.4 யூனிட். பல்ப் நாலும் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 0.2 கூட இல்லை. குக்கர் அரை மணித்தியாலம் 0.35, அயர்ன் 0.2, லேப்டாப் 0.3. ஃப்ரிட்ஜுக்கு ஒரு 1.15 போடலாம். எல்லாம் சேர்த்து நாளைக்குக் கிட்டத்தட்ட 3.6. 34 நாளைக்கு 122. ஷவரில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் இரண்டு பேருக்கும் 20 நிமிடம். 3500 வாட்டில் அது 1.17 யூனிட், 34 நாளைக்கு 40. ஆக 162 வருகிறது. ஒன்பது யூனிட்தான் இடிக்கிறது.

மருதானை_ரவுண்ட்:
ஃப்ரிட்ஜ் 24 மணித்தியாலமும் போட்டபடி இருக்கிறது. 120 வாட்டை 24ஆல் பெருக்கினால் 2.9 அல்லவா வர வேண்டும்?

மட்டுநகர்_சிவா:
பிளக் நாள் முழுக்கப் போட்டிருக்கும், ஆனால் கம்ப்ரசர் நின்று நின்றுதான் ஓடும். நான் நாளில் 40 வீதம் ஓடுவதாக எடுத்தேன். கதவு ரப்பர் போயிருந்தாலோ, அடிக்கடி திறந்தாலோ கூடும். மிச்ச ஒன்பதும் அதற்குள்ளேயே இருக்கலாம். அல்லது குக்கர் இரவு முழுக்க 'வார்ம்' இல் கிடக்கிறதா?

கோப்பாய்_பொடியன்:
வார்ம் பாவிப்பதில்லை. கடைசி உருளை சிவப்புத்தான். அப்போ 171ஐக் கொடுத்துவிடவா?

மட்டுநகர்_சிவா:
கொடுக்க முன் ஒரு வேலை. உங்கள் அனெக்ஸ் மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டு அந்தச் சிவப்பு லைட்டைப் பாருங்கள். மீட்டரில் கை வைக்கத் தேவையில்லை. மின்னாமல் நின்றால் பிரச்சினை இல்லை. மின்னினால் மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் வேறொரு வயர் எடுத்திருக்கிறார்கள். மீட்டர் முகப்பில் imp/kWh என்று ஓர் எண் இருக்கும், அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_ஜெகன்:
அதெல்லாம் இருக்கட்டும், யூனிட்டுக்கு என்ன விலை போட்டார்? அதில்தான் வெட்டுவார்கள்.

தெகிவளை_அக்கா:
முழு வீட்டுக்கும் சபையின் மீட்டர் ஒன்று என்றால் இரண்டு குடும்பத்து யூனிட்டும் ஒரே பில்லில் விழும். யூனிட் கூடக்கூடப் படி மாறும், 180க்கு மேல் போனால் ஆகக் கூடிய விலை. நியாயமாக மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் பிரித்து அந்த விலையைத்தான் எடுக்க வேண்டும்.

பழைய_வயர்மன்:
என்ன நியாயம்? வாடகைக்கு ஆள் வர முன் வீட்டுக்காரர் கீழ்ப்படியில் இருந்தார். மேல்படிக்குத் தள்ளியது வந்தவருடைய யூனிட். மேல்விலையை அவர்தான் கட்ட வேண்டும்.

தெகிவளை_அக்கா:
அப்படிப் பார்த்தால் வீட்டுக்காரருடைய யூனிட்தான் பொடியனை மேலே தள்ளியது என்றும் சொல்லலாமே. யார் முதலில் சுவிட்ச் போட்டார் என்று மீட்டருக்குத் தெரியுமா? வாடகை வாங்குவது அவர், அதையும் மறக்க வேண்டாம்.

பழைய_வயர்மன்:
நீங்கள் வாடகைக்கு விட்டுப் பாருங்கள், அப்புறம் கதைப்போம்.

தெகிவளை_அக்கா:
விட்டிருக்கிறேன். சராசரிதான் எடுக்கிறேன். பில் கொப்பியையும் காட்டுகிறேன்.

கோப்பாய்_பொடியன்:
1600 imp/kWh. மெயினை ஆஃப் பண்ணி 6 நிமிடம் பார்த்தேன், 4 தரம் மின்னியது!! அவர் கீழே கூப்பிடுகிறார், போகிறேன்.

மட்டுநகர்_சிவா:
6 நிமிடத்தில் 4 என்றால் மணித்தியாலத்துக்கு 40. 1600 தரம் மின்னினால் ஒரு யூனிட், ஆகவே 40க்கு 0.025 யூனிட். அதாவது 25 வாட் அளவில் ஏதோ ஒன்று உங்கள் கணக்கில் ஓடுகிறது. படிக்கட்டு லைட், கேட் லைட் மாதிரி. இரவில் 12 மணித்தியாலம் மட்டும் என்றால் 34 நாளைக்குப் பத்து யூனிட். இடித்த ஒன்பதோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம், நான் போட்ட நேரங்கள் எல்லாம் ஊகம். நாளை பகலிலும் ஒருக்கால் ஆஃப் பண்ணிப் பாருங்கள். பகலிலும் மின்னினால் அது இருபதுக்கு மேல் போகும்.

மருதானை_ரவுண்ட்:
லீக்கேஜாக இருக்கும். நான் சொன்ன மாதிரி ஸ்டெபிலைசர்

பழைய_வயர்மன்:
ஸ்டெபிலைசர் லீக்கேஜை நிற்பாட்டாது.

தெகிவளை_அக்கா:
தம்பி, பகலில் மின்னியதா? வீட்டுக்காரர் என்ன சொன்னார்?

கோப்பாய்_பொடியன்:
கார் கராஜ் லைட்டாம். 10 யூனிட் கழித்தார். நன்றி எல்லோருக்கும்.

மட்டுநகர்_சிவா:
பகலில் பார்த்தீர்களா?

தெகிவளை_அக்கா:
யூனிட் விலையைக் கேட்டீர்களா? சராசரியா, மேல்படியா?