வருமான வரிச் சட்டம் 234சி வட்டித் தள்ளுபடி மனு: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

குழுவினருக்கு வணக்கம். குடியாத்தம் அருகே சாலைக்காகக் கையகப்படுத்தப்பட்ட எங்கள் நிலத்துக்கு, நீதிமன்றம் உயர்த்திய இழப்பீட்டின் மீதான வட்டி, 2025 ஜனவரியில் எதிர்பாராமல் என் கணக்கில் வரவானது. பிடித்தம் போக மீதி வரியான 2,00,000 ரூபாய் முழுவதையும் மார்ச் 10 அன்றே முன்கூட்டிய வரியாகச் செலுத்திவிட்டேன்.

ஆனாலும் ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணைகளைக் கட்டவில்லை என்று 900, 2,700, 4,500 எனக் கணக்கிட்டு 234சி பிரிவின்படி 8,100 ரூபாய் வட்டி கேட்கிறது வருமான வரித் துறை. கைக்கு வராத பணத்துக்கு ஜூனில் எப்படி வரி கட்டியிருக்க முடியும்?

மூலதன ஆதாயமாக இருந்தால் சட்டப்பிரிவே விலக்களித்திருக்கும். இது இதர வருமானம் என்பதால் அந்த விலக்கு பொருந்தாது என்கிறார் ஆடிட்டர். எனினும், முன்கூட்டி எதிர்பார்க்க முடியாத வருமானத்துக்கு எஞ்சிய தவணையில் வரி செலுத்தியிருந்தால், தலைமை ஆணையர் வட்டியைத் தள்ளுபடி செய்யலாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 26.6.2006 தேதியிட்ட ஆணை கூறுகிறது. வரி முழுவதும் கட்டி, கணக்கும் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நிறைவேற்றிவிட்டேன்.

வேலூர்ப் பக்கம் இப்படி மனு கொடுத்தவர்கள் இருந்தால், அதை எந்த அலுவலகத்தில் சேர்த்தீர்கள், வங்கிக் கணக்கு நகலுடன் தீர்ப்பு நகலையும் கேட்டார்களா என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.