மார்பிள் என்று எழுதிக் கொடுத்தால் எண்ணெய் காணாமல் போகிறது, உதவுங்கள்

பாயான்_லெப்பாஸ்_மீனா: தீபாவளிக்கு முன் படம் வேண்டும். போட்டோகிராபரிடம் 'ஆடம்பர வெள்ளை மார்பிள் பின்னணி' என்று எழுதிக் கொடுத்தேன். வந்த படத்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கல்லைத்தான் பாராட்டுகிறார்கள். என்ன எழுத வேண்டும்? அவசரம்.

செந்தூல்காரன்: என்ன பொருள்? என்ன நிறம்? எதையும் சொல்லவில்லையே.

அம்மாச்சி_கிச்சன்: எங்கள் வீட்டு மார்பிளில் எலுமிச்சைச் சாறு பட்டு வெள்ளையாகத் திட்டு விழுந்துவிட்டது. இதற்கு என்ன செய்யலாம்?

பிரிக்ஃபீல்ட்ஸ்_லென்ஸ்: அம்மா, அது அமிலம் கல்லை அரித்த தடம், துடைத்தால் போகாது. அதற்குத் தனிப் பதிவு போடுங்கள். மீனா, செந்தூல்காரன் கேட்டதற்குப் பதில்?

பாயான்_லெப்பாஸ்_மீனா: மன்னிக்கவும். கரிசலாங்கண்ணி எண்ணெய், 100 மில்லி பழுப்புக் கண்ணாடிப் போத்தல், கிரீம் லேபிளில் மெல்லிய கறுப்பு எழுத்து.

செந்தூல்காரன்: அப்படியென்றால் மரம்தான். 'வால்நட், ரஸ்டிக்' என்று எழுதுங்கள், பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_லென்ஸ்: பத்து வருடமாக இதைத்தான் சொல்லி வாய் வலிக்கிறது. பழுப்புப் போத்தலை வால்நட்டில் வைத்தால் இரண்டும் ஒரே இருட்டு. ரஸ்டிக் என்றால் முடிச்சும் வெடிப்புமாகப் பலகை வரும். மரம் தேடினால் வெளிர் ஓக், நேரான நெருக்கமான இழை.

மார்பிளே வேண்டுமென்றால் 'ஆடம்பர' என்ற சொல்லை அடியுங்கள். அதைப் படித்தவர் கலகட்டா மார்பிள் மாதிரி தடித்த ரேகையைத்தான் தேடுவார். ரேகை உங்கள் லேபிள் எழுத்தைவிடத் தடிமன், கண் அங்கேதான் போகும். பாலிஷ் போட்ட கல்லில் ஜன்னலும் பிரதிபலித்திருக்கும், பாருங்கள். இப்படி எழுதலாம்:

'போத்தல்தான் முதலில் தெரிய வேண்டும். கீழே ஹோன்ட் வெள்ளை மார்பிள், பளபளப்பு வேண்டாம். கராரா மாதிரி மெல்லிய சாம்பல் ரேகை. லேபிளுக்குப் பின்னால் ரேகை கூடாது. பின்சுவர் வெறுமையாக, மங்கலாக.'

பக்கவாட்டு வெளிச்சம் வேண்டாம் என்றும் சேருங்கள். அது கல்லின் மேடு பள்ளத்தை எல்லாம் எடுத்துக் காட்டும்.

ஜார்ஜ்டவுன்_டிசைன்: கான்கிரீட்டை ஏன் விட்டீர்கள்? குளிர்ந்த சாம்பலில் பழுப்பு தனியாக நிற்குமே.

பிரிக்ஃபீல்ட்ஸ்_லென்ஸ்: நிற்கும். கூந்தல் எண்ணெய் கார் பார்க்கில் நிற்கிற மாதிரி.

ஜார்ஜ்டவுன்_டிசைன்: 'கான்கிரீட்' என்று மட்டும் எழுதினால் துளையும் கறையும் வரும், அதனால்தான் அப்படித் தெரிகிறது. 'வழவழப்பாகப் பூசிய வெளிர் சாம்பல்' என்று எழுதிப் பார்த்ததுண்டா?

செந்தூல்காரன்: நான் இன்னும் மரம்தான்.

பாயான்_லெப்பாஸ்_மீனா: புது வாசகத்தை அனுப்பி மறுபடி எடுத்தாயிற்று. லேபிள் தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது. ஆனால் அம்மா 'மருந்துக் கடை மாதிரி இருக்கு' என்கிறார். ஓக் பலகை யாரிடமாவது இரவலாகக் கிடைக்குமா?