வீட்டில் ஒரே போன், புதிதாக ஒருவருடன் பேச்சு: யோசனை சொல்லுங்கள்

எனக்கு 26 வயது. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே போன். பகலில் அம்மாவிடமும், மாலையில் கல்லூரிப் பாடத்துக்குத் தம்பியிடமும் இருக்கும். இரவு ஒன்பதுக்கு மேல்தான் என் கைக்கு வரும். அதற்குள் ஒரு நாளைக்கான 1.5 ஜிபி பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தோழி அறிமுகப்படுத்திய ஒருவருடன் இப்போது வாட்ஸ்அப்பில் பேசுகிறேன். நல்ல மனிதர், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டில் சொல்லும் கட்டம் இன்னும் வரவில்லை.

அவருடைய சாட்டை லாக் செய்தேன். செய்தி வந்தால் திரையில் பெயரோ வரியோ தெரியாது. ஆனால் போனைத் திறக்கும் அதே எண்ணால் அந்த சாட்டும் திறக்கும், அந்த எண் எங்கள் மூவருக்கும் தெரியும். அதனால் தனியாக ஒரு ரகசியக் குறியீடு வைத்து, லாக் செய்த சாட்டுகளின் பட்டியலையே மறைத்துவிட்டேன். தேடல் பெட்டியில் அந்தக் குறியீட்டை அடித்தால்தான் தெரியும். டேட்டாவுக்காக, படமும் வீடியோவும் தானாக இறங்குவதையும் நிறுத்திவிட்டேன். எழுத்துச் செய்திக்கு டேட்டா மிகக் குறைவாகத்தான் ஆகிறது.

மீதமுள்ள சிக்கல் அழைப்புதான். சாட்டை லாக் செய்தாலும் அவர் அழைத்தால் போன் அடிக்கும், பெயரும் தெரியும். போன வாரம் பகலில் அழைத்துவிட்டார், அம்மாதான் எடுத்தார்.

"இரவில் மட்டும், எழுத்தில் மட்டும்" என்று அவரிடம் சொன்னால் தள்ளி வைப்பதாக நினைப்பாரோ? போன் பொதுவானது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாமா? இப்படி இருந்தவர்கள் எப்படிச் சொன்னீர்கள்? அப்புறம், பகலில் பதில் வராத நேரத்தை உங்களுடன் பேசியவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?