புதுப்பிப்பு: அப்பா பணி நிறைவு விழாவுல பேசிட்டேன்

"அஞ்சு நிமிஷப் பேச்சு, முழுசா மனப்பாடம் பண்ணவா, பார்த்தே படிக்கவா?"னு முன்னாடி இங்க கேட்டிருந்தேன்.

நேத்து விழா முடிஞ்சுது. பட்டிமன்றம் பேசுற அண்ணன் சொன்னபடி முதல் ரெண்டு வரி, கடைசி ரெண்டு வரி மட்டும் மனப்பாடம், பேர், வருஷம் எல்லாம் அட்டையைப் பார்த்தே படிச்சேன், நடுவுல வர்ற மூணு கதைக்கும் அட்டைல கதைக்கு ஒரு சொல்தான். முழுசா மனப்பாடம் பண்ணாதான் முகம் பார்த்துப் பேச முடியும்னு ஒரு தம்பி சொன்னது ஆரம்பத்துக்கு சரி, ஆனா ஒத்திகைல ஒரு வரி விட்டதும் மிச்சமும் சேர்ந்து போயிடுச்சு.

முதல்ல ஒரு கதைக்கு "மழை"னு எழுதியிருந்தேன், மூணுல ரெண்டு கதைல மழை வருதா, ஒத்திகைல நேரா மூணாவது கதைக்குத் தாவிட்டேன். அப்புறம் "ரெயின்கோட்", "கேரியர் சைக்கிள்"னு அந்தந்தக் கதையோட முதல் வாக்கியத்துலயே வர்ற பொருளா மாத்தினேன், மேடைல டக்குனு பிடிச்சுது. "உழைப்பு", "பாசம்"னு எழுதினா எந்தக் கதைனே தெரியாது.

ஒரு அக்காவுக்கு போன்ல பார்த்துப் படிக்கும்போது ஸ்க்ரீன் அணைஞ்சிடுச்சாம், அதனாலதான் அட்டை.

அம்மாவைப் பத்தின வரில மட்டும் தொண்டை அடைச்சுடுச்சு, அதையும் அட்டையைப் பார்த்தே படிச்சிருக்கணுமானு அண்ணன்கிட்ட கேட்டா அவருக்கும் தெரியலையாம். உங்களுக்கு எப்படி?