புதுப்பிப்பு: ஸ்டார்-டெல்டா மோட்டார் ஸ்டார்ட்டர் குறிப்பில் ‘பேஸ் கரண்ட்’

என் கேள்வி: “ஓவர்லோடு ரிலேயை பேஸ் கரண்டுக்கு வை என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?”

உதவிய எல்லோருக்கும் நன்றி. ரீவைண்டிங் கடை அண்ணன் சொன்னதுதான் பலித்தது: சொல்லை விட்டுவிட்டு, ரிலே இருக்கும் இடத்தையும் ஆம்பியரையும் எழுது. பேஸ் கரண்ட் என்பது வைண்டிங்கில் ஓடும் கரண்ட், ஆனால் நம் ஆட்களுக்கு பேஸ் என்றால் லைன் வயர்தானே!

சேலம் சேகோ ஆலையின் மோட்டார் பிளேட்டில் 21 ஆம்பியர். இப்போது எழுதியது: “மெயின் கான்டாக்டருக்குக் கீழுள்ள ரிலேயை 12.2-ல் வை.” முன்பு 21-ல் வைத்திருந்தார்கள், ஓவர்லோடானாலும் டிரிப் ஆகியிருக்காது.

‘எப்போதும் பிளேட் ஆம்பியரில் 0.58 மடங்கு’ என்ற தம்பி சொன்னது பாதி சரி. எதிர்பாராமல் பக்கத்து பேனலில் ரிலே இன்கமிங் லைனிலேயே இருந்தது. அங்கே முழு 21.

ஸ்டார் விழுந்து டெல்டா பிடிக்கும் இடைவெளிக்குத்தான் இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை.