புதுப்பிப்பு: அக்காவின் செயின் அளவு

முன்பு நான் கேட்டது: “அக்காவின் கழுத்துச் சுற்றளவு 15 அங்குலம். 18 அங்குலச் செயினில் பதக்கம் எங்கே நிற்கும்?”

கழுத்தெலும்பிலேயே நிற்கிறது. அக்காவுக்கு இன்னும் தாழ வேண்டும். “20 எடு, இரண்டு அங்குலம் இறங்கும்” என்றார் அத்தை. கொழிஞ்சாம்பாறைத் தட்டார் மறுத்தார்: “கூடுதல் நீளம் இரு பக்கமும் பிரியும். ஏறத்தாழ ஓர் அங்குலம்தான் இறங்கும்.”

தட்டார் பதக்கத்தையே நூலில் கோத்து, 20 அங்குலத்தில் முடிச்சிட்டு, அக்காவை நிற்கவும் குனியவும் வைத்தார். கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே பதக்கத்தின் வளையம் நின்றது. பதக்கத்தின் நீளம் ஓர் அங்குலம் என்பதால் அதன் நுனி ரவிக்கை விளிம்பில் இடித்தது. ஆனால் அகலக் கழுத்து ரவிக்கைக்கு இதுவே அழகு. மற்றவற்றுக்கு 22 வேண்டுமா என்று அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை.